பூச்சு முடியாமல் பூச்சுத் தவணையைக் கொடுக்கலாமா?

கேள்வி: திருவெறும்பூர் பக்கம் 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,300 ரூபாய், பத்து மாதத்தில் முடித்துத் தருவதாக 15-02-2025 அன்று ஒப்பந்தம் போட்டோம் (நகல் இணைத்திருக்கிறேன்). ரூஃப் கான்கிரீட் வரைக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது, கோபத்தில் 52,000 மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன். உள்பூச்சு முடிந்துவிட்டது, வெளிப்பூச்சு தொடங்கவே இல்லை. பொங்கல் முடிந்து இரண்டு நாள் வந்தார்கள். ஜனவரி 20-க்குப் பிறகு ஆளே வரவில்லை. பூச்சுத் தவணை 4,14,000 கொடுத்தால்தான் ஆள் வரும் என்கிறார் காண்ட்ராக்டர். "முழுசா முடிங்க, மொத்தமா தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். தாமதத்துக்கு அபராதம் என்று ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. மாடிப்படியை நாங்கள் மாற்றச் சொன்னதில் 15 நாள் போனது உண்மை. வாடகை மாதம் 9,000 போகிறது. கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதப் போகிறேன். என்ன எழுதட்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: கடிதம் எழுதுவதற்கு முன்னால் அந்த 52,000 ரூபாயை அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். மொத்தம் 27,60,000. அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மென்ட் 15, லிண்டல் 15, ரூஃப் கான்கிரீட் 20, பூச்சு 15, டைல்ஸ் - ஒயரிங் 15, பெயின்ட் அடித்துச் சாவி கொடுக்கும்போது 10. ரூஃப் தவணை 5,52,000. ரூஃப் போட்டு, முட்டு பிரித்து, அதற்குக் கீழே உள்பூச்சும் முடிந்துவிட்டது. கூரையில் ஒழுகல், விரிசல் என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. அப்படியென்றால் அந்த 52,000 அவருக்கு நீங்கள் தரவேண்டிய பாக்கி. நாளைக்கு விஷயம் வக்கீல் வரைக்கும் போனால், "அம்மாதான் முதலில் பணத்தை நிறுத்தினாங்க, அதனால்தான் ஆள் அனுப்ப முடியலை" என்று அவர் சொல்ல நீங்களே இடம் கொடுத்திருக்கிறீர்கள். கோபத்தில் பிடித்த பணம் உங்கள் பக்கத்தைத்தான் பலவீனமாக்குகிறது. கூரையில் நிஜமாகவே குறை இருந்தால் மட்டும், எந்த இடத்தில் என்ன குறை என்று எழுதி அதற்குத் தக்கபடி பிடித்து வைக்கலாம்.

4,14,000-இன் கதை வேறு. அது 'பூச்சு வேலை முடிந்ததும்' தரவேண்டிய பணம். உள், வெளி என்று ஒப்பந்தம் பிரிக்கவில்லை. வெளிப்பூச்சும் கைப்பிடிச்சுவர்ப் பூச்சும் சேர்ந்ததுதான் பூச்சு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 54-ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: முதலில் செய்யவேண்டியவர் தன் பங்கைச் செய்யாமல் மற்றவரின் பங்கைக் கேட்க முடியாது. ஆகவே இந்தத் தவணையை நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

உரிமை இருக்கிறது என்பதற்காக முழுவதையும் நிறுத்தவேண்டுமா என்பதுதான் யோசிக்கவேண்டிய இடம். வெளிப்பூச்சை ஏன் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள் தெரியுமா? சாரம் கட்டவேண்டும், அதற்கு வாடகை. உயரத்தில் நின்று பூசுகிற கொத்தனார் செட் வேண்டும். அவர்களுக்கு வாரக் கூலி கையில் கொடுக்கவேண்டும். உங்கள் காண்ட்ராக்டர் அநேகமாக உங்கள் பணத்தை வேறொரு சைட்டில் போட்டுவிட்டு, அந்த சைட்டின் பணத்துக்காகக் காத்திருக்கிறார். இந்தத் தொழிலில் இது சகஜம், சரி என்று சொல்லவில்லை. அப்படிப்பட்டவரிடம் "முழுசா முடிங்க, மொத்தமா தர்றேன்" என்றால் நீங்கள் கேட்பது வட்டியில்லாக் கடன். அவர் வரமாட்டார். ஒப்பந்தமும் அப்படிச் சொல்லவில்லை, தவணை தவணையாகத்தான் சொல்கிறது. அந்த வார்த்தையைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

என் யோசனை, முடிந்த உள்பூச்சுக்கு 2,00,000 கொடுங்கள், 2,14,000-ஐ வெளிப்பூச்சோடு கட்டிப்போடுங்கள். அப்போது உங்கள் கையில் மிச்சம் இருப்பது இந்த 2,14,000-உம் கடைசி இரண்டு தவணைகளான 6,90,000-உம், ஆக 9,04,000. அவர் நாளைக்கே கைவிட்டுப் போனாலும் வெளிப்பூச்சு, டைல்ஸ், ஒயரிங், பெயின்ட் எல்லாவற்றையும் வேறு ஆள் வைத்து இந்தப் பணத்தில் முடிக்க முடியுமா என்று உள்ளூர் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து கேளுங்கள். பாதியில் விட்ட வேலையை எடுக்கிறவர் கூடுதலாகத்தான் கேட்பார், அதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். போதாது என்று அவர் சொன்னால் 2,00,000-ஐ 1,50,000 ஆக்குங்கள். எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்யவேண்டியது இந்தக் கணக்குதான்.

அவரைக் கூட்டிவரும்போதே உள்பூச்சையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு ரூபாய் நாணயம் போதும். ஜன்னல் ஓரம், பீமும் செங்கலும் சேருகிற இடம், ஒயரிங் பைப்புக்காகச் சுவரைக் கொத்திப் பிறகு பூசி மூடிய தடம், இங்கெல்லாம் தட்டிக்கொண்டே போனால் நன்றாகப் பிடித்த பூச்சு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பிடிக்காத இடத்தில் பொத்பொத்தென்று உள்ளே காற்று இருப்பதுபோல் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த பிறகு இதைப் பேச முடியாது. ஒன்றிரண்டு இடம் என்றால் திருத்தச் சொல்லி எழுதினால் போதும், பெரிய பரப்பு என்றால் 2,00,000-இல் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது கடிதம். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒப்படைத்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதையே படமெடுத்து வாட்ஸப்பிலும் போடுங்கள். வசவு, சாபம், "உங்களை நம்பி ஏமாந்தோம்" எதுவும் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"ஐயா, வணக்கம்.

15-02-2025 தேதியிட்ட நம் ஒப்பந்தப்படி வீட்டு வேலை 15-12-2025-க்குள் முடிந்திருக்க வேண்டும். மாடிப்படியை நாங்கள் மாற்றச் சொன்னதில் 15 நாள் ஆனது. அதைச் சேர்த்து 30-12-2025 வரை அவகாசம் என்று எடுத்துக்கொள்கிறோம். 20-01-2026-க்குப் பிறகு வேலைக்கு ஆள் வரவில்லை.

ரூஃப் தவணையில் பாக்கி இருந்த 52,000 ரூபாயை இன்று உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டோம். இதோடு ரூஃப் வரையிலான தவணைகள் முழுவதும் தீர்ந்தன.

பூச்சுத் தவணை 4,14,000 ரூபாய். உள்பூச்சு முடிந்திருக்கிறது. வெளிச்சுவர், சன்ஷேடு, கைப்பிடிச்சுவர்ப் பூச்சு தொடங்கவில்லை. அதனால் இந்தத் தவணை இன்னும் தரவேண்டியதாகவில்லை. இருந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக, சாரம் கட்டி ஆட்கள் வேலையைத் தொடங்கிய அன்றே 2,00,000 செலுத்துகிறோம். மீதி 2,14,000 வெளிப்பூச்சு முடிந்து, ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்றியபின், இருவரும் சேர்ந்து பார்த்து, அடுத்த மூன்று நாளில் செலுத்துகிறோம். இணைத்துள்ள படங்களில் வட்டமிட்ட இடங்களில் உள்பூச்சைத் திருத்தித் தர வேண்டும்.

09-03-2026-க்குள் வேலையைத் தொடங்கி, வெளிப்பூச்சை 31-03-2026-க்குள்ளும், டைல்ஸ் மற்றும் ஒயரிங்கை 30-04-2026-க்குள்ளும் முடித்து, 31-05-2026-க்குள் வீட்டை ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். இந்தத் தேதிகள் முடியாது என்றால் எந்தத் தேதி முடியும் என்று ஏழு நாளில் எழுத்தில் தெரிவிக்கவும்.

30-12-2025-க்குப் பிறகு நாங்கள் கொடுத்துவரும் மாத வாடகை 9,000 ரூபாய்க்கு நஷ்டஈடு கேட்கும் உரிமையை, தாமதமாகச் செய்யும் வேலையை ஏற்றுக்கொள்வதால் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

02-03-2026"

அவ்வளவுதான். மாடிப்படி விஷயத்தை நீங்களே சொல்வது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அவர் சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்லி, அது 15 நாள்தான் என்று நாளையும் நிர்ணயித்து விடுகிறீர்கள். விட்டுவைத்தால் அந்த 15 நாள் அவர் வாயில் இரண்டு மாதமாக வளரும். ஐப்பசி, கார்த்திகை மழையையும் அவர் சொல்லலாம். மழை நாளில் வெளிப்பூச்சு நடக்காது என்பது நியாயம்தான். ஆனால் ஜனவரி 20-க்குப் பிறகு திருச்சியில் என்ன மழை?

கடைசிப் பத்தியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. காலக்கெடுவே முக்கியம் என்று வைத்துப் போட்ட ஒப்பந்தத்தில், கெடு தாண்டிச் செய்ததை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டால் பிறகு தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்கும்போதே கேட்கப்போவதாகச் சொல்லியிருக்க வேண்டும். வீடு கட்டும் ஒப்பந்தங்களைப் பொதுவாக அப்படிப்பட்டவையாகக் கருதுவதில்லை. அதை வாதாடி நிரூபிப்பதைவிட ஒரு வரி எழுதிவைப்பது சுலபம். அபராதம் என்று தனியாகப் போடாததால் நஷ்டஈடே கிடையாது என்று நினைக்கவேண்டாம். தாமதத்தால் நேரடியாக வந்த நஷ்டத்தை 73-ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம், கணக்குக் காட்டவேண்டும். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ஆனால் அந்த வாடகையை நீங்களாகவே இந்தத் தவணையில் கழித்துக்கொள்ளாதீர்கள். சண்டை அங்கேதான் பெரிதாகும். கடைசிக் கணக்கில், சாவி வாங்கும்போது பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தக் கடிதம் போனதும் அவர், "சிமென்ட், மணலை நீங்களே இறக்கிடுங்கம்மா, நான் கூலி மட்டும் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். வேலை ஓடட்டும் என்று சரி சொல்லத் தோன்றும். சொல்வதானால், அந்தப் பில் தொகை 2,14,000-இல் கழியும் என்று அவர் கைப்பட ஒரு செய்தி அனுப்பிய பிறகு சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெட்டீரியலும் உங்களுடையது, தவணையும் முழுசு என்று ஆகிவிடும். பூச்சு உதிர்ந்தால் "நீங்க வாங்கின மணல்" என்பார்.

09-03 தாண்டியும் ஆள் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் உடனே வேறு மேஸ்திரியை இறக்கிவிடாதீர்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் இன்ஜினியரை வைத்து இதுவரை நடந்த வேலையை அளக்கப்போவதாகவும், அவரும் வரவேண்டும் என்றும் இன்னொரு கடிதம் போடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு அளந்து, அறை அறையாகப் படமெடுத்து, இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மேல் ஒப்பந்தத்தை முறிப்பதாக நோட்டீஸ் அனுப்புவதை வக்கீல் மூலம் செய்யுங்கள். வீடு கட்டித் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக்குள் வருகிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். அங்கே முதலில் கேட்கப்போவது ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், இந்தக் கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்று. இனிமேல் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.