நகல் எடுத்த வரைபடத்தில் எந்த அளவையை நம்புவது?

கேள்வி: 1:50,000 வரைபடத்தில் பினாங்குப் பாலத்தின் கடல் மேல் உள்ள பகுதியை அளந்தேன். 6 கிலோமீட்டர்கூட வரவில்லை. 8.4 கிலோமீட்டர் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. தாளில் விகிதம், கோடு, "1 செ.மீ. = 0.5 கி.மீ." என்ற வாக்கியம் மூன்றும் இருக்கின்றன. எங்கே தவறினேன்?

உங்கள் கணக்கில் தவறு இருக்காது. உங்கள் கையில் இருப்பது போட்டோஸ்டேட் தாளா என்று முதலில் பாருங்கள். பட்டர்வொர்த்தில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குப் புவியியல் டியூஷன் எடுக்கிறேன். இதே விடையோடு ஆண்டுக்கு ஒருவராவது என்னிடம் வந்துவிடுகிறார். ஏ3 அளவில் இருந்த வரைபடத்தை ஏ4 தாளுக்குள் அடக்கி நகல் எடுத்திருப்பார்கள். அப்போது ஒவ்வொரு நீளமும் ஏறக்குறைய 71 விழுக்காடாகச் சுருங்கிவிடும். பாலம் சுருங்கும், கடற்கரை சுருங்கும், அளவைக் கோடும் சுருங்கும். ஆனால் "1:50,000" என்ற எழுத்து சிறிதாகுமே தவிர 1:70,000 என்று மாறிவிடாது. வாக்கியமும் அப்படித்தான். அசல் தாளில் உண்மையாக இருந்த இரண்டும் நகலில் பொய்யாகிவிடுகின்றன. படத்தோடு சேர்ந்து சுருங்கிய கோட்டளவை மட்டும் உண்மையைச் சொல்கிறது.

இதை உறுதி செய்ய ஒரு ஸ்கேல் போதும். 1:50,000 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 50,000 செ.மீ. அதை 1,00,000-ஆல் வகுத்தால் 0.5 கி.மீ. ஆகவே அசல் தாளில் கோட்டளவையின் ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். உங்கள் தாளில் அது 1.4 செ.மீ. அளவில் இருந்தால், அச்சிட்ட விகிதத்தையும் வாக்கியத்தையும் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

இனி புது விகிதத்தை நாமே கண்டுபிடிக்கலாம். ஒரு கிலோமீட்டரை மட்டும் அளக்காமல் கோட்டில் கிடைக்கும் மிக நீண்ட பகுதியை அளப்பது நல்லது. ஸ்கேல் பார்ப்பதில் வரும் பிழை அதில் பங்கிடப்பட்டுக் குறைந்துவிடும். 0 முதல் 4 கி.மீ. வரை 5.65 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4-ஐ 5.65-ஆல் வகுத்தால் 0.708. அதாவது 1 செ.மீ. = 0.708 கி.மீ. இதுதான் நகலுக்கான சொல்லளவை. அதையே 1,00,000-ஆல் பெருக்கினால் 70,800. நகலின் விகித அளவை 1:70,800. பாலம் தாளில் 11.9 செ.மீ. என்றால், பழைய வாக்கியப்படி 5.95 கி.மீ. வரும், உங்கள் விடை அதுதான். புதியதன்படி 11.9 × 0.708 = 8.4 கி.மீ.

பாலம் நேர்கோடு அல்ல, கடலுக்கு நடுவே வளைகிறது. ஸ்கேலை நேராக வைத்தால் தூரம் குறையும். ஒரு நூலை வளைவின் மேல் பதித்து அளவெடுங்கள். பிறகு கணக்கே போடாமல், அந்த நீளத்தை ஒரு தாள் விளிம்பில் குறித்துக் கோட்டளவையின் மேல் நகர்த்தியும் தூரத்தைப் படிக்கலாம். 4 கி.மீ. இரண்டு முறை போனபின் சிறு துண்டு மிஞ்சும்.

அந்தத் துண்டைப் படிக்கும்போதுதான் என் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பல வரைபடங்களில் கோட்டளவையின் பூஜ்ஜியம் இடது முனையில் இருப்பதில்லை. பூஜ்ஜியத்துக்கு இடப்புறம் ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதை நூறு நூறு மீட்டராகப் பிரித்திருப்பார்கள். இடது முனையைத் தொடக்கமாக எடுத்து வலப்புற எண்ணைப் படித்தால், அந்த ஒரு கிலோமீட்டர் கணக்கில் சேராமலே போய்விடும். மிஞ்சிய துண்டின் வலது முனையைப் பூஜ்ஜியத்தில் வைத்து, இடது முனை எந்தச் சிறு கோட்டில் விழுகிறது என்று பாருங்கள். நான்காவது கோடு என்றால் 400 மீட்டர், மொத்தம் 8.4 கி.மீ.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். பாலிக் பூலாவ் பக்கம் மாணவர்களை நடை அழைத்துச் சென்றபோது, சுருங்கிய நகலை வைத்து 6 கி.மீ. என்று திட்டமிட்டேன். நடந்தது எட்டரை. தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்து, வெயிலில் வாடிய பிள்ளைகளின் முகம் இன்னும் கண்முன் நிற்கிறது. அன்று முதல், நான் கொடுக்கும் நகலில் அச்சு விகிதத்தை அடித்துவிட்டு என் கையெழுத்தில் புது விகிதத்தை எழுதித் தருகிறேன்.

கோட்டளவையும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. கணினியில் படத்தை இழுத்து அகலத்தை மட்டும் மாற்றியிருந்தால், கோடு கிழக்கு மேற்குத் தூரத்துக்கு மட்டுமே பொருந்தும். வடக்கு தெற்குக்குப் பொருந்தாது. கட்டங்கள் அச்சிட்ட வரைபடமாக இருந்தால் ஒரு கட்டத்தின் இரு பக்கங்களையும் அளந்து பாருங்கள். சதுரம் செவ்வகமாகியிருந்தால் அந்தத் தாளில் தூரம் அளக்க வேண்டாம், வேறு நகல் எடுத்துவிடுங்கள்.