ஒட்டு இமையைக் கழற்றினால் சொந்த இமையும் சேர்ந்து வருகிறதே?

கேள்வி: ஒட்டு இமை வைத்துக் கழற்றும்போதெல்லாம் என் சொந்த முடியும் மூன்று நான்கு பிய்ந்து வந்துவிடுகிறது. மறுநாள் இமை ஓரம் அரிக்கவும் செய்கிறது. பசைதான் காரணமா? அதில் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, எப்படிக் கழற்றுவது?

பதில்: முடி பிய்வதும் அரிப்பதும் வெவ்வேறு பிரச்சினைகள். அரிப்புக்குப் பசையில் உள்ள பொருள் காரணமாக இருக்கலாம். முடி பிய்வதற்குப் பெரும்பாலும் ஒட்டும் விதமும் இழுக்கும் விதமும்தான் காரணம்.

முதலில் டப்பாவில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே அச்சிடாத பசையைக் கண் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஒரே நாள் வைத்துக் கழற்றும் பட்டி இமைகளுக்கான பசை பொதுவாக இரண்டு வகை. ஒன்று ரப்பர் லேடெக்ஸ். மற்றொன்று அக்ரிலேட்ஸ் கோபாலிமர். இரண்டுமே தண்ணீரில் கலந்த பாலாக இருந்து, காய்ந்ததும் ரப்பர் போன்ற படலமாகிவிடும். ஆனால் பெயர் 'சயனோஅக்ரிலேட்' என்று முடிந்தால் அது வேறு இனம். பார்லரில் ஒவ்வொரு முடியாக ஒட்டும் எக்ஸ்டென்ஷனுக்கு உரியது, சூப்பர் க்ளூவின் உறவு. அதைப் பட்டி இமைக்குப் போட்டால் வீட்டில் பத்திரமாகக் கழற்ற வழியில்லை. 'லேடெக்ஸ் இல்லாதது' என்ற வாசகம் இதற்குக் காப்பு ஆகாது. சயனோஅக்ரிலேட் பசையிலும் லேடெக்ஸ் இருக்காதுதானே!

எரிச்சல் எப்போது தொடங்குகிறது என்பது நல்ல துப்பு. பசை ஈரமாக இருக்கும்போதே சுரீரென்று கண்ணில் நீர் வந்தால், அதிலிருந்து எழும் ஆவி, குறிப்பாகச் சில லேடெக்ஸ் பசைகளில் சேர்க்கும் அம்மோனியா, காரணமாக இருக்கலாம். சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இமை தடித்து வீங்கினால் லேடெக்ஸ் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். ரப்பர் கையுறை, பலூன் தொட்டாலும் அரிப்பவர்களுக்கு இது சாத்தியம். உங்களைப் போல மறுநாள் அரித்தால் அது பெரும்பாலும் தாமதமாக வரும் தொடு ஒவ்வாமை. அக்ரிலேட், பசை கெடாமலிருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பொருள்கள், கழற்றப் பயன்படுத்தும் திரவம் என எதுவும் காரணமாக இருக்கலாம். அரிப்பு முழுதாக அடங்கும்வரை இமை வைக்காதீர்கள். புதுப் பசை வாங்கினால் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். அங்கே ஒன்றும் வராவிட்டாலும் இமைத் தோல் மெல்லியது என்பதால் முழு உத்தரவாதம் கிடையாது.

இனி முடி விஷயம். கழற்றிய பட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் முடிகள் பசைப் படலத்துக்குள் புதைந்திருந்தால் பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். நீர்த்த பசை இமை முடிகளுக்கு இடையே வழிந்து, அவற்றையும் சுற்றிக்கொண்டு காய்கிறது. பட்டியில் மெல்லிய கோடாகப் பசை தடவி, 30 முதல் 60 விநாடி வரை, விரல் வைத்தால் பிசுக்கென்று ஒட்டும் பதம் வரும்வரை காத்திருங்கள். பிறகு முடியின் மேல் வைக்காமல், முடி முளைக்கும் கோட்டுக்குச் சற்று மேலே தோலில் வையுங்கள்.

கழற்றும்போது கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். கண்ணுக்கென்றே விற்கும் எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, கண்ணை மூடி, பட்டியின் ஓரம் நெடுகத் தடவுங்கள். பிறகு நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அப்படியே ஒற்றிப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம். காய்ந்த படலம் வெறும் தண்ணீருக்கு எளிதில் மசியாது, எண்ணெய் ஊறினால் தளர்ந்துவிடும். வெளிமுனையைக் கிள்ளிப் பிடித்து மூக்குப் பக்கமாக மெல்ல உரியுங்கள். எங்காவது தோல் கூடாரம் போல எழும்பினால் அங்கே இன்னும் பிடிப்பு இருக்கிறது. நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை ஊறவையுங்கள். அவசரத்தில் முடி போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இமையில் மிஞ்சிய பசைத் துணுக்கை நகத்தால் சுரண்டாமல், மீண்டும் குச்சியால் உருட்டி எடுங்கள். கடைசியில் இமைக்கான மென்மையான கிளென்சரால் கழுவிவிடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் அடுத்த முறை பசை பிடிக்காது.

தினம் ஓரிரு இமை முடி தானாக உதிர்வது இயல்பு. பிய்ந்த முடியும் பொதுவாகச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ முளைத்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால்தான் வேர்ப்பை கெட்டு அங்கே நிரந்தரமாக வெறுமை விழலாம்.

சயனோஅக்ரிலேட் போட்டு ஒட்டிவிட்டால் அசிட்டோனோ நெயில் பாலிஷ் ரிமூவரோ கண் அருகே வரவே கூடாது. எக்ஸ்டென்ஷன் போடத் தெரிந்தவரிடம் போய்க் கழற்றுங்கள். இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாமல், வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஈரத் துணியை மேலே வைத்தபடி உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணுக்குள் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.