போன் திருத்தும் கடைக்குச் சான்றிதழ் உதவுமா? திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

ஒன்பது வருடம் இன்னொருவரின் கடையில் போன் திருத்தினேன். இப்போது பதினொரு வருடமாக மத்திய வீதிப் பக்கம் சொந்தமாக ஒரு சின்னக் கடை. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழில் லெவல் 4 எடுத்தது இரண்டு வருடத்துக்கு முன்தான். அதைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்கிறேன். எந்த மொடலுக்கு டிஸ்ப்ளே என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள்.

"அண்ணா, நாலு வருசமா ஒரு கடையில வேலை செய்யிறன். சொந்தக் கடை போட என்.வி.கியூ. உதவுமா? அதுக்குத் திரும்பக் கோர்ஸ் போகோணுமா?" (சாம்பல்தீவு)

கோர்ஸ் தேவையில்லை, தம்பி. வேலை செய்து பழகிய கையை அப்படியே மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி ஒன்று இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள். அரச பயிற்சி நிறுவனமான நைட்டாவில் கேளுங்கள், தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் கேட்கலாம். மதிப்பீட்டாளர் உங்கள் ஆதாரங்களைப் பார்ப்பார், வேலை செய்யச் சொல்வார், இடையில் கேள்வி கேட்பார். இதில் புள்ளி கிடையாது. தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான்.

பலர் தடுமாறுவது அந்த ஆதாரத்தில்தான். நாலு வருடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு முதலாளியின் கடிதம் ஒன்று இருக்கும். வேறு என்ன இருக்கிறது? என்னிடம் துண்டுப் புத்தகங்கள் இருந்தன. போன் எடுக்கும்போது வாடிக்கையாளருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்து, அதன் பிரதியைப் புத்தகத்திலேயே வைத்திருப்பேன். திகதி, மொடல், என்ன பழுது, எதை மாற்றினேன், எவ்வளவு எடுத்தேன், எல்லாம் அதில் இருக்கும். மதிப்பீட்டாளர் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். 'டெட்' என்று எழுதியிருந்த ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இது எதனால் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார். அங்கிருந்துதான் எங்கள் பேச்சு சூடுபிடித்தது.

சரி, கடைக்கு உதவியதா? சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இதுவரை ஒரு வாடிக்கையாளரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடை திறந்தபோது பிரதேச செயலகத்திலும் கேட்கவில்லை, சபையிலும் கேட்கவில்லை. கேட்ட இடம் வங்கி. மைக்ரோஸ்கோப்பும் நல்ல ஹொட் எயாரும் வாங்கக் கடன் கேட்டேன். வியாபாரப் பதிவோடு சான்றிதழின் பிரதியையும் ஃபைலில் சேர்த்தார்கள். ஆனால் மாத வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்கு நான் எடுத்துப் போட்டது அந்தத் துண்டுப் புத்தகங்களைத்தான். வளைகுடாப் பக்கம் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் சான்றிதழை எடுத்தே வையுங்கள். சொந்தக் கடைதான் என்றால், இன்றைக்கே ஒரு துண்டுப் புத்தகம் வாங்குங்கள், சான்றிதழ் பின்னால் வரட்டும்.

"கொழும்பில மூண்டு மாத சிப் லெவல் கோர்ஸ். 'அரச பதிவு பெற்றது' எண்டு போட்டிருக்கு. முடிச்சா என்.வி.கியூ. கிடைக்குமா?" (மட்டிக்களி)

பதிவு என்பது ஒன்று, தரச்சான்று என்பது வேறொன்று. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கலாம். அதற்காக அங்கே நடக்கும் எல்லாக் கோர்ஸுக்கும் என்.வி.கியூ. வந்துவிடாது. அந்தக் குறிப்பிட்ட கோர்ஸ் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். காசு கட்டும் முன் கோர்ஸின் பெயரையும் லெவலையும் எழுதி வாங்கிக்கொண்டு, ஆணைக்குழுவில் விசாரியுங்கள். எழுதித் தர இழுத்தடித்தால் அதுவே பதில். தரச்சான்று இல்லாத கோர்ஸில் ஒன்றும் கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை. கை பழகும். தாள்தான் வேறு தாள்.

"அப்பாட போன் கடலுக்க விழுந்திட்டு. மூண்டு நாளா அரிசிக்குள்ள கிடக்கு. இதைச் சான்றிதழ் உள்ள ஆள்தான் திருத்தோணுமா?" (திருக்கடலூர்)

முதலில் அரிசியிலிருந்து எடுங்கள்! அரிசி உப்பை எடுக்காது. நீர் காய்ந்த பிறகும் உப்பு போர்ட்டிலேயே கிடந்து செம்பை அரித்துக்கொண்டிருக்கும். சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். இன்றைக்கே ஒரு கடையில் கழற்றி, பற்றரியைப் பிரித்து, போர்ட்டைக் கழுவக் கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்று கேட்டீர்கள். போன வருடம் இதே போல் ஒரு மீனவரின் போன் என்னிடம் வந்தது. இரண்டு கடைகளில் "போர்ட் போய்விட்டது" என்று சொல்லியிருந்தார்கள். மூடித் தகட்டைத் தூக்கினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. ஐசோபுரோபைல் அல்கஹோலில் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். பிறகு பற்றரிக்குப் பதிலாகப் பவர் சப்ளையில் 4 வோல்ற் கொடுத்தேன். பவர் பட்டனைத் தொடவே இல்லை, மீற்றர் 1.4 அம்பியர் காட்டுகிறது. நல்ல போர்ட் என்றால் அந்த நேரத்தில் ஊசி அசையவே கூடாது. பட்டன் அழுத்தாமலே இவ்வளவு இழுத்தால், பற்றரியிலிருந்து வரும் முதன்மை லைனில் எங்கோ ஷோர்ட். பட்டன் அழுத்திய பிறகு மட்டும் இழுத்திருந்தால், அதற்கு அப்பால் உள்ள லைன்களில் தேட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஐசியை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்து வோல்ற்றை 1க்குக் குறைத்துவிட்டு, ஷோர்ட்டான லைனில் கொடுத்து, போர்ட்டின் மேல் ரோசின் புகையைப் பூசினேன். வெள்ளையாகப் படியும். சூடாகிற இடத்தில் மட்டும் அது உருகித் தெளியும். சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் கடுகளவு கப்பாசிற்றர் ஒன்று தெளிந்தது. அதை எடுத்தேன், ஷோர்ட் போனது. அந்த லைனில் அதே வேலைக்கு இன்னும் பல கப்பாசிற்றர்கள் இருப்பதால், ஒன்று இல்லாமலும் போன் ஓடியது.

மூன்று வாரத்தில் திரும்ப வந்தது, மைக் வேலை செய்யவில்லை என்று. ஐசிக்கு அடியில் இருந்த உப்பை நான் பார்க்க முடியாது, கழுவவும் முடியாது. "கடல் நீர், உத்தரவாதம் இல்லை, படங்களை உடனே எடுத்துவிடவும்" என்று துண்டில் எழுதி அவர் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அதனால் சண்டையில்லை. ஆகவே, சான்றிதழைப் பார்க்காதீர்கள். "பவர் சப்ளையில் எவ்வளவு இழுக்கிறது?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்கிறவரிடம் கொடுங்கள்.

"இருவத்திரண்டு வருசமா கடை. ஒரு சான்றிதழும் இல்ல, ஒரு லைசன்சும் இல்ல. போன் விக்கிற கடைக்குத்தான் டி.ஆர்.சி. லைசன்ஸ் வேணும், திருத்துற நமக்கு எதுக்கு? பொடியன்மாரச் சும்மா பயங்காட்டாதீங்க." (கிண்ணியா)

நாநா, சான்றிதழில் உங்களோடு சண்டையில்லை. நானும் பதினெட்டு வருடம் அது இல்லாமல் இருந்தவன்தான். ஆனால் டி.ஆர்.சி., அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தரும் லைசன்ஸ் விஷயம் அப்படியில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் இறக்குமதியும் விற்பனையும் மட்டுமல்ல, பராமரிப்பதும் திருத்துவதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. லெவல் 4 அல்ல, லெவல் 7 வைத்திருந்தாலும் அந்த லைசன்ஸுக்கு அது ஈடாகாது. கடை போடப் போகிறவர்கள் வியாபாரப் பெயர்ப் பதிவோடு இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

"சட்டத்தில இருக்கும். ஒருத்தரும் வந்து கேட்டதில்லையே!" (அதே கிண்ணியா)

கேட்கவில்லை என்பது உண்மைதான். என்னிடமும் முதல் நாலு வருடம் கேட்கவில்லை.

"லைசன்ஸ விடுங்க, துண்டு எழுதச் சொல்றீங்களே, அதில பாஸ்வேர்டும் எழுதுவீங்களா? நான் எழுதுவன். டிஸ்ப்ளே மாத்தினா டச், கமரா, கோல் எல்லாம் பார்க்காமக் குடுக்கேலாது." (இன்னும் கிண்ணியா)

எழுதவே மாட்டேன். புத்தகம் மேசையில் கிடக்கும், உதவிக்கு நிற்கும் பொடியன் பார்ப்பான், நாளைக்கு யாருடைய படமாவது வெளியே போனால் உங்கள் கையெழுத்தில் அந்த இலக்கம் இருக்கும். சொந்தக்காரர் போனை எடுக்க வரும்போது அவர் விரலாலேயே திறக்கச் சொல்லி, அவர் முன்னால் சோதிக்கலாம். புதிய சாம்சங்கில் Maintenance mode இருக்கிறது. அதைப் போட்டுத் தந்தால் படங்கள் மறைந்திருக்கும், நாம் சோதிக்கலாம்.

"டிஸ்ப்ளே செத்த போனில அந்த மோட எப்பிடிப் போடுற? ஆள் குச்சவெளியில இருந்து வாறவர், மத்தியானம் பஸ்ஸுக்குப் போகோணும். பிழை எண்டா நாளைக்கு வாங்க எண்டு சொல்லவா?" (கிண்ணியா)

நியாயமான அடி. டிஸ்ப்ளே செத்த போனில் அந்த மோடைப் போட முடியாதுதான். தூரத்திலிருந்து வருபவரிடம் நான் பாஸ்வேர்டை வாயால் கேட்டு, வேலை முடிந்ததும் மாற்றச் சொல்லிவிடுகிறேன். இது முழுச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் துண்டில் எழுத மாட்டேன்.

"சான்றிதழ் மாட்டியிருக்கிற கடையெண்டுதான் குடுத்தன். பின் கண்ணாடிய உடைச்சிட்டு, முதலே உடைஞ்சிருந்தது எண்டு சாதிச்சிட்டினம்." (உவர்மலை)

துண்டில் 'பின் கண்ணாடி நன்று' என்று எழுதியிருந்தார்களா? இல்லையென்றால் உங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும்தான் மிச்சம்.

"எந்தக் கோர்ஸ் நல்லம், அண்ணா?" (நிலாவெளி)

மட்டிக்களிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

"என்.வி.கியூ. எடுக்கக் கோர்ஸ் கட்டாயமா?" (தம்பலகாமம்)

சாம்பல்தீவுக்குச் சொன்னதைப் படியுங்கள். முதல் கேள்வியே அதுதான்.

"ஐபோன் 11 டிஸ்ப்ளே என்ன விலை?"

தொடங்கும்போதே சொன்னேன்.

"நான் வீட்டில இருந்து பெண்களின்ர போன் மட்டும் திருத்தித் தாறன். கடைப் பலகை இல்லை. எனக்கும் இந்தத் துண்டெல்லாம் வேணுமா, அண்ணா?" (உப்புவெளி)

உங்களுக்குத்தான் கூடுதலாக வேணும், தங்கச்சி. கடையென்றால் நாலு பேர் பார்த்திருப்பார்கள். வீட்டில் உங்களுக்குச் சாட்சி இல்லை. களவு போன் ஒன்று தெரியாமல் கைக்கு வந்து, பின்னால் பொலிஸ் விசாரித்து வந்தால், யார் கொண்டுவந்தது, எப்போது என்று காட்ட அந்தப் பிரதிதான் இருக்கும். போன் உயிரோடு வந்தால் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தைத் துண்டில் எழுதுங்கள். செத்துவிட்ட போனென்றால் சிம் தட்டிலோ பெட்டியிலோ பாருங்கள். IMEI என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு அனுப்பினால் டி.ஆர்.சி.யில் பதிவான போனா என்று தெரியும். களவா இல்லையா என்பதை அது சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெண்கள் உங்களிடம் வருவது ஏன் என்று உங்களுக்கே தெரியும். கிண்ணியா நாநாவோடு நடந்த வாக்குவாதத்தில் உங்கள் பக்கம் என்ன என்று எழுதுங்கள், எனக்கும் கேட்க வேண்டும்.

"துண்டுப் புத்தகம் அச்சடிக்கோணுமா?" (சாம்பல்தீவு)

முதல் புத்தகத்துக்கு வேண்டாம். காபன் வைத்து எழுதும் பில் புத்தகம் எந்தப் புத்தகக் கடையிலும் இருக்கும், இலக்கமிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மேல்தாள் வாடிக்கையாளருக்கு, அடித்தாள் உங்களுக்கு. அடித்தாளைக் கிழிக்காதீர்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள், என்னுடைய முதல் இரண்டு வருட எழுத்து மங்கிவிட்டது.