சமையலுக்கு ஆள் வைத்தால் கட்டுமா?

கேள்வி: நானும் கணவரும் கிளிநொச்சியில் வேலை செய்கிறோம். எல்லாச் செலவும், மாதச் சீட்டுக் காசு 10,000 ரூபாவும் போக 18,000 மிஞ்சும். அலுப்பில் கிழமைக்கு மூன்று இரவு கடைப் பார்சல்தான். ஒரு தடவைக்கு 1,600 போகிறது. பரந்தனிலிருந்து ஒரு அக்கா கிழமைக்கு ஆறு நாள், காலை 7 மணியிலிருந்து 11 மணிவரை வந்து சமைத்து, கூட்டித் துடைக்க 22,000 கேட்கிறா. மாமி வீட்டில் நிற்பா. பார்சல் காசு மிஞ்சும்தானே, வைக்கலாமா?

பதில்: இப்போது பேசியிருக்கிற மாதிரி வைத்தால் கட்டாது. அக்கா கேட்பது கூடுதல் இல்லை. பிழை நேரத்தில்தான் இருக்கிறது. அவ 11 மணிக்குப் போனால் மத்தியானச் சோறு கறி கிடைக்கும். உங்கள் காசு கரைவதோ இரவில். காலையில் அவித்த புட்டை இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகள் தொடமாட்டார்கள், திரும்பவும் பார்சல்தான்.

சம்பளத்தோடும் கணக்கு முடியாது. மாதம் 26 நாள், பஸ்ஸில் போகவர 120 ரூபா, தேத்தண்ணியும் ஒருநேரச் சாப்பாடும் 150 என்று வைத்தால் 7,000 வந்துவிடும். பொங்கலுக்கும் தீபாவளிக்குமாக ஒரு மாதச் சம்பளம் கொடுப்பீர்கள். அதை மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,800. சவர்க்காரம், தரை கழுவும் திரவம், கூடுதல் காஸ் 1,500. ஆக 32,000 தாண்டும்.

மிச்சத்தையும் முழுதாக எண்ணாதீர்கள். பார்சலை நிறுத்தினாலும் அந்த இரவுக்கு மா, தேங்காய், மீன் வாங்கத்தான் வேண்டும். அதற்கு 600 போனால் மிச்சம் 1,000. மாதம் 13 இரவுக்கு 13,000. அதுவும் இரவுச் சாப்பாடு வீட்டில் இருந்தால்தான்.

அதனால் அக்காவிடம் வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள்: கிழமைக்கு நாலு நாள், பின்னேரம் 2 மணியிலிருந்து 6 மணிவரை. நீங்கள் வழக்கமாகப் பார்சல் எடுக்கும் மூன்று நாளும் அதற்குள் வரட்டும். 16,000க்குச் சம்மதித்தால், மேலதிகச் செலவுகளோடு 23,500 வரை வரும். 13,000 கழிய, கையிலிருந்து போவது 10,500. இது உங்கள் 18,000க்குள் அடங்கும். சீட்டில் மட்டும் கை வைக்கவேண்டாம், இடையில் நிறுத்தினால் கழிவோடு போகாது, பேச்சும் வரும்.

மீதி 7,500ஐ முதல் இரண்டு மாதம் தொடாமல் வையுங்கள். கிழமைக் கடன் கட்டுகிறவவாக இருந்தால் அட்வான்ஸ் கேட்பா, கேட்காவிட்டால்தான் புதினம். 10,000க்கு மேல் கொடுக்காமல், மாதம் 2,000 படி சம்பளத்தில் கழிப்பதென்று முதலே பேசிவிடுங்கள். அப்புறம் தை, மாசியில் உழுந்து பிடுங்கப் போவாவா என்றும் கேளுங்கள். தோட்டக் கூலி கூட வருகிற நாளில் உங்கள் குசினிக்கு வரமாட்டா, அந்தக் கிழமைகளில் பார்சல் திரும்பும். மார்கழியிலேயே அதற்கு 5,000 ஒதுக்கி வையுங்கள்.