மனநலம், மருத்துவ விடுப்பு, திரும்ப வேலைக்குச் சேர்வது: கேள்வி பதில்

மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்துவிட்டு, இப்போது நிறுவனங்களின் ஊழியர் நலப் பிரிவுகளோடு வேலை செய்கிறேன். மருந்தின் அளவு பற்றிக் கேட்டவர்கள் தயவுசெய்து உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். விடுப்பு, சான்று, திரும்பச் சேர்வது பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கு.

சோழிங்கநல்லூர் ஐ.டி. ஊழியர்: மேடம், டாக்டர் சீட்டில் 'பர்ன் அவுட்' என்று எழுதியிருக்கிறார். "அது நோயே இல்லை, சிக் லீவ் கிடையாது" என்கிறது எச்.ஆர். சரியா?

பாதி சரி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் 11ஆம் பதிப்பில், பர்ன் அவுட் இருக்கிறது. ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாக. உடம்பும் மனமும் தீர்ந்துபோன களைப்பு, வேலையோடு ஒட்டாமை, எதைச் செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அதுவும் வேலையைப் பொறுத்த வரைதான்.

அதனால் நீங்கள் மருத்துவரிடம் திரும்பப் போய், இதற்கு அடியில் மனச்சோர்வு நோயோ பதற்ற நோயோ இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். வெறும் வேலைக் களைப்பு என்றால், நாலு நாள் ஊருக்குப் போய் வந்தால் பெரும்பாலும் கொஞ்சம் தெளிவு வரும். மனச்சோர்வு அப்படி இல்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாக, அநேகமாகத் தினமும், லீவு நாளிலும் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது சிகிச்சை கேட்கும் நோய். அதைச் சீட்டில் 'பர்ன் அவுட்' என்று மென்மையாக எழுதுவது நோயாளிக்கு உதவியாகப் படலாம், ஆனால் விடுப்பு கேட்கும் இடத்தில் காலை வாரிவிடும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வருடத்துக்கு 12 நாள் வரை நோய்க்கான சம்பள விடுப்பு உண்டு. நியாயமான எந்தக் காரணத்துக்கும் எடுக்கக்கூடிய தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மற்றவர்களிடம், நோயில்லை என்று சொல்லி இரண்டாவது 12 நாளையும் மறுக்க எச்.ஆருக்கு வழியில்லை.

திருப்பூர்: 2017 மனநலச் சட்டப்படி மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு கட்டாயம் என்று படித்தேன். என் முதலாளி தர மாட்டேன் என்கிறார்.

அந்தச் சட்டத்தில் விடுப்பு பற்றி அப்படி எதுவும் இல்லை. சிகிச்சை பெறும் உரிமை, மருத்துவர்கள் ரகசியம் காப்பது, காப்பீட்டு நிறுவனங்கள் மனநோய்க்கும் உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீடு தருவது ஆகியவைதான் அதன் பலம்.

நீங்கள் திருப்பூர் என்பதால் கேட்கிறேன், சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் பிடிக்க வேண்டும். அப்படியானால் நீங்கள் தேடும் மூன்று மாதம் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றோடு, வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், முதலாளி கையிலிருந்து அல்ல, ஈ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து வரும். அதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். மனச்சிதைவு போன்ற நீண்ட நாள் மனநோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இன்னும் நீண்ட உதவியும் உண்டு, ஆனால் அதற்குக் கூடுதல் நிபந்தனைகள். தனியார் டாக்டரிடம் மாதக் கணக்கில் பார்த்துவிட்டுக் கடைசியில் ஈ.எஸ்.ஐ.க்குப் போனால், கழிந்த நாட்களுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. முதல் வாரமே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதிந்துவிடுங்கள்.

அம்பத்தூர், கால் சென்டர்: அக்கா, எனக்கு பைபோலார். இரண்டு மாத லீவு முடிந்து திரும்பப் போகிறேன். சான்றில் நோய்ப் பெயர் இருந்தால் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். ஆனால் நோயின் பெயரை விட, உங்களால் எது முடியும், எது கூடாது என்பதே மேலாளருக்கு உபயோகப்படும். உங்கள் நிலையிலேயே இருந்த ஒருவருக்கு மருத்துவர் எழுதித் தந்ததை, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருகிறேன்:

"இவர் என் சிகிச்சையில் இருக்கிறார், வேலைக்குத் தகுதியான நிலையில் உள்ளார். இரவுத் தூக்கம் கலையக் கூடாது, எனவே இரவுப் பணி வேண்டாம். முதல் நான்கு வாரம் தினம் 5 மணி நேரம் போதும். மாதம் ஒரு முறை காலையில் ரத்தப் பரிசோதனைக்கு நேரம் தேவை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்."

நோய்ப் பெயர் எங்கேயும் இல்லை, செய்ய வேண்டியது எல்லாம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையை எழுதியதற்குக் காரணம் உண்டு. லித்தியம் எடுப்பவர்களுக்குக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு லேபில் இருக்க வேண்டும்.

அவருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பகல் ஷிப்ட் கொடுத்தார்கள். ஆனால் அவசர அழைப்புக்கான போனை அவர் கையிலேயே விட்டுவிட்டார்கள், இரவு இரண்டு மணிக்கு அடித்தது. நேரத்தைப் பாதியாக்கினார்கள், டார்கெட்டைக் குறைக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மிச்சத்தை முடித்தார். மூன்றாவது வாரம் அவரிடமிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு நீள நீளமான மெயில்கள் வர ஆரம்பித்தன. தூக்கம் நாலு மணி நேரம்தான், ஆனால் களைப்பே இல்லை, பேச்சும் வேகம். நோயின் மேல்வீச்சு தொடங்குவதற்கு அதுதான் அடையாளம். நல்லவேளை, சேர்ந்த அன்றே நம்பிக்கையான ஒரு சக ஊழியரிடம் "இப்படி இருந்தால் என் அக்காவுக்குப் போன் செய்" என்று சொல்லி வைத்திருந்தார். மருந்தைச் சரிசெய்து, பத்து நாள் விடுப்பு எடுத்து, போனை வேறொருவருக்கு மாற்றிய பிறகு நிலைமை அடங்கியது.

ஆகவே நீங்களும் ஷிப்ட், அழைப்பு போன், டார்கெட் மூன்றையும் முதல் நாளே மெயிலில் எழுதி வாங்குங்கள். எச்.ஆர். நோய்ப் பெயரைக் கேட்டு வற்புறுத்தினால், உங்கள் எழுத்துபூர்வ சம்மதத்தோடு கம்பெனி மருத்துவர் மட்டும் உங்கள் மருத்துவரிடம் பேசலாம் என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பின்னால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு கேட்க நேர்ந்தால், நிறுவனத்துக்கு நோய் தெரியும் என்று காட்ட வேண்டியிருக்கும்.

மேலே உள்ளதைப் படித்தவர், பெயர் வேண்டாம் என்கிறார்: எனக்கும் அதே நோய், பல வருடமாக நைட் ஷிப்ட்தான், நன்றாகத்தான் இருக்கிறேன். எல்லோரையும் பகலுக்கு மாற்றச் சொல்லாதீர்கள், அலவன்ஸ் போய்விடும்.

எல்லோருக்கும் என்று சொல்லவில்லை, அவருடைய மருத்துவர் அவருக்கு எழுதியது அது. நிரந்தரமான இரவுப் பணியில் பகல் தூக்கம் ஒழுங்காக அமைந்த சிலர் சமாளிக்கிறார்கள். வாரா வாரம் ஷிப்ட் மாறுவதுதான் அதிகம் ஆட்களைச் சாய்க்கிறது. உங்களைக் கேட்காமல், "இவருக்கு நோய், இரவு வேண்டாம்" என்று நிறுவனமே முடிவெடுத்து அலவன்ஸைப் பிடுங்கினால் அதுவும் பாகுபாடுதான். ஆனால் உங்கள் அனுபவத்தை அந்தத் தங்கைக்கு அறிவுரையாகச் சொல்லிவிடாதீர்கள்.

கோவை, ஒன்பது பேர் உள்ள பட்டறை: என்னிடம் வேலை செய்யும் பையன் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். லேத் மெஷின். நான் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

அண்ணா, மெஷினை ஓட்டலாமா என்று கேட்பது உங்கள் கடமை. மனச்சோர்வு மருந்துகளில் சிலவற்றுக்கு ஆரம்பத்தில், அல்லது அளவு கூட்டும்போது, மயக்கமும் கைநடுக்கமும் வரும். "லேத் ஓட்டத் தகுதி உண்டா, எந்தத் தேதியிலிருந்து" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அதுவரை அளவெடுப்பது, பேக்கிங் என்று சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடுங்கள். என்ன மாத்திரை, ஏன் வந்தது, வீட்டில் என்ன பிரச்சினை என்பதையெல்லாம் கேட்க வேண்டாம்.

மருந்து முழுசாகப் பிடிக்க பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் "இன்னும் சரியாகவில்லையே" என்று ஆளை மாற்ற யோசிக்காதீர்கள். மற்ற எட்டு பேரிடம், "அவனுக்கு ஒரு மாதம் மெஷின் வேலை கிடையாது" என்பதோடு நிறுத்துங்கள். அவன் "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி பேசினால் மட்டும் சும்மா விடக் கூடாது. அன்றைக்கே வீட்டாருக்குச் சொல்லுங்கள். 14416, டெலி மானஸ் இலவச எண், நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

அரசு ஊழியர், மதுரை: சிகிச்சையில் இருந்தபோது மேலதிகாரியிடம் கத்திவிட்டேன், ஒழுங்கு நடவடிக்கை வந்திருக்கிறது. தனியார் ஊழியருக்கு உள்ள சட்டம் எனக்கும் உண்டா?

உங்களுக்கு இன்னும் வலுவாகவே இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அது அரசு அமைப்புகளுக்கானது, தனியாருக்கு அவ்வளவு நேரடியாகப் பொருந்தாது.

நீங்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கு. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி அவர், எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் உள்ளவர். நடத்தை சரியில்லை என்று நடவடிக்கை எடுத்தார்கள். நடவடிக்கைக்கு மனநோய் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே அது பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் விளக்கக் கடிதத்தில் இந்த வரியை வைத்து, அந்தத் தேதியை ஒட்டிய சிகிச்சைக் குறிப்புகளை இணையுங்கள். மருத்துவமனையிலிருந்து உங்கள் ஆவணங்களைப் பெற 2017 சட்டம் உரிமை தருகிறது. உங்கள் நோய் சட்டம் சொல்லும் அளவுக்குத் தீவிரமானதா என்பதுதான் வாதம் நடக்கும் இடம், அதை ஒரு வழக்கறிஞரோடு பாருங்கள்.

பெங்களூரு தமிழர்: உடம்பு முடியாத நேரத்தில் ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டேன். நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கே திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மெயில் போடுங்கள். இரண்டு வரி போதும். அனுப்பிய நாளில் சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருந்தேன் என்பதற்கு மருத்துவர் கடிதத்தை நாளை இணைக்கலாம், மெயில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ராஜினாமா அமலுக்கு வருவதற்கு முன் திரும்பப் பெறுவதற்குப் பொதுவாக இடமுண்டு, ஆனால் தனியார் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி மறுக்கலாம். மறுத்தால், விடுப்பாக மாற்றித் தரும்படி கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் மருத்துவ விடுப்பில் இருப்பவரின் ராஜினாமாவை உடனே ஏற்காமல், குணமாகி வந்ததும் ஒரு முறை கேட்கின்றன. எல்லா இடத்திலும் அதை விதியாக்க வேண்டும் என்று எச்.ஆர். கூட்டங்களில் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புது வேலைக்கான நேர்காணலில் சொல்ல வேண்டுமா, கூடாதா?

இதில் என்னோடு வேலை செய்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறு வேறு. சொல்லி வேலை போனவர்களையும் பார்த்திருக்கிறேன், சொல்லாமல் சேர்ந்து ஆறாம் மாதம் இரவுப் பணியில் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் வேண்டாம் என்பது என் கட்சி. வேலை உத்தரவு கைக்கு வந்ததும், மருத்துவப் படிவம் வந்தால் அதில் பொய் எழுதாதீர்கள், அதை வைத்தே பின்னால் நீக்க முடியும். படிவம் இல்லையென்றால் ஷிப்ட் பற்றி மட்டும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.