பெண்டர் எலிமென்ட்ல மண்ணோட விறைப்பை அளக்கறது எப்படி?

"மண்ணுல ஸ்மால் ஸ்ட்ரெய்ன் ஸ்டிஃப்னெஸ்னா என்ன, லேப்ல பெண்டர் எலிமென்ட் வச்சு எப்படி கண்டுபிடிக்கறாங்க?"

மண்ணை 0.001% அளவுக்கு மட்டும் லேசா நெளிய விட்டா அது காட்டுற விறைப்புதான், அந்த அளவுல துகள்கள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்க ஆரம்பிக்கறதில்ல, அதனால இங்கதான் விறைப்பு உச்சத்துல இருக்கும்.

கயித்தை ஒரு முனைல உதறினா அலை ஓடும்ல, இறுக்கி கட்டினா இன்னும் வேகமா ஓடும், அதே மாதிரிதான் மண்ணும், விறைப்பு கூடினா அதுல அலை வேகமா ஓடும். பெண்டர் எலிமென்ட்ங்கறது மெல்லிய பீசோ தகடு, சாம்பிளுக்கு அடியில இருக்கற தகடு வோல்டேஜ் கொடுத்ததும் பக்கவாட்டுல ஆடும், மேல இருக்கற தகடு அந்த ஆட்டத்தை வாங்கி சிக்னலா மாத்தும்.

100 மி.மீ. சாம்பிளுக்குள்ள ரெண்டு தகடும் 5 மி.மீ. நீட்டிட்டு இருந்தா நுனிக்கு நுனி 90 மி.மீ., அதை அலை 0.45 மில்லி செகண்ட்ல கடந்தா வேகம் V 200 மீ/செ, அடர்த்தி ρ 1900 கிலோ/கன மீட்டர்னு வச்சா G = ρV² போட்டு விறைப்பு G 76 மெகாபாஸ்கல். திரையில முதல்ல தலைகீழா ஒரு சின்ன பள்ளம் வரும், அதை அலை வந்துட்டதா எடுத்துடாதீங்க, அடுத்து வர்ற பெரிய ஏற்றத்தோட தொடக்கத்தை பாருங்க.

நிறைய பேர் சாம்பிளோட முழு உயரமே தூரம்னு நினைக்கறாங்க, அப்படி போட்டா வேகம் வர்க்கமாகறதால 76 இருக்க வேண்டிய இடத்துல 94 வந்து நிக்கும்.