வேலிச் சண்டையும் இணக்கசபையும்

கேள்வி: எல்லை வேலிப் பிரச்சினையில் பக்கத்து வீட்டுக்காரர் என் கன்னத்தில் அறைந்துவிட்டார். பொலிஸ் அவரைக் கைது செய்யவில்லை, இணக்கசபைக்குப் போகச் சொல்கிறார்கள். நான் சமாதானமானால் வழக்கு என்னவாகும்?

பொலிஸ் தட்டிக்கழிக்கிறது என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் முதலாம் அட்டவணையில், பிடியாணை இல்லாமல் எந்தக் குற்றத்துக்குக் கைது செய்யலாம், எதற்குக் கூடாது என்று பிரிவு வாரியாகப் போட்டிருக்கிறது. சில குற்றங்களுக்குப் பிடியாணை வேண்டும். கத்தியால் வெட்டினால் வேண்டாம். ஆனால் 'கைது செய்யலாம்' என்றால் 'செய்தே ஆக வேண்டும்' என்று பொருள் இல்லை. கைது செய்யக்கூடிய குற்றம் என்றாலே சமாதானம் கிடையாது என்று எங்கள் ஆட்கள் நினைப்பதும் பிழை. சமாதானத்துக்குரிய குற்றங்களை அதே கோவையின் 266 ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது.

சாதாரண காயம், அதாவது தண்டனைச் சட்டக்கோவையின் 314 ஆம் பிரிவு, அப்படிச் சமாதானமாகக்கூடியது. சமாதானம் செய்யும் உரிமை அடி வாங்கிய உங்களுக்குத்தான். பொலிஸோ, ஊர்ப் பெரியவரோ உங்களுக்காக முடித்து வைக்க முடியாது.

இது, இணக்கசபைகளுக்கான 1988 ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைகள் சட்டத்துக்குள்ளும் வருகிறது. அதனால்தான் உங்களை அங்கே அனுப்புகிறார்கள். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. சரிவராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இனி முக்கியமான இடம். உங்கள் விஷயத்தில் அவர் மருந்துச் செலவைத் தருகிறார், மன்னிப்புக் கேட்கிறார், நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளக்கச் சம்மதிக்கிறார் என்று வைப்போம். இணக்கசபையில் 'இனிப் பிரச்சினைப்பட மாட்டோம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாம். எவ்வளவு பணம், எந்தத் திகதிக்குள், அளவையாளர் செலவு யாருடையது என்று எழுதச் சொல்லுங்கள். அவர் சொன்னபடி செய்யாவிட்டால் திரும்பவும் சபைக்குப் போய் முறையிடலாம், அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் சான்றிதழ் கேட்கலாம்.

நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது சமாதானமானால் கதை வேறு. 266 இன் கீழான சமாதானம் எதிரியை விடுதலை செய்ததற்குச் சமம். அதே அறைக்காக அவர்மேல் திரும்ப வழக்குப் போட முடியாது. ஆகவே பணம் கைக்கு வந்த பிறகே நீதவானிடம் சம்மதம் சொல்லுங்கள். 'அடுத்த மாதம் தாறன்' என்ற வாக்கை நம்பி முடித்துவிட்டு, பணமும் இல்லாமல் வழக்கும் இல்லாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

எல்லைத் தகராறு இதோடு தீராது, அது சிவில் விஷயம். அறைந்த வழக்கு முடிந்தாலும் காணி வழக்குக்கான உங்கள் உரிமை அப்படியே இருக்கும். எழுத்தில் அதை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி வந்திருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் வடிவாகப் பாருங்கள்.